ஜனவரியில் ஓடிய ஓவர்கிளாக் மே மாதத்தில் ஏன் விழுந்தது: செல்லூர் கம்ப்யூட்டர் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

மதுரை செல்லூரில் ஒரு மாடி அறையில் இருக்கும் கம்ப்யூட்டர் இது. வைத்திருப்பவர் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் தம்பி. இரவில் கேம் ஆடுவார், முகூர்த்த மாதங்களில் ஸ்டூடியோ வைத்திருக்கும் தாய்மாமாவுக்காகக் கல்யாண வீடியோ எடிட் செய்து கொடுப்பார். ஏப்ரல் கடைசியிலிருந்து ஒரு தொந்தரவு. வீடியோவை எக்ஸ்போர்ட் போட்டுவிட்டுச் சாப்பிடப் போவார், திரும்பி வந்து பார்த்தால் கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகி டெஸ்க்டாப்பில் வந்து நிற்கும்.

"கரண்டு கட்டுன்னுதாண்ணே நெனச்சேன். ஆனா ஃபேன் சுத்திக்கிட்டேதான் இருக்கு" என்றார்.

வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு. கரண்டு போய் இன்வெர்ட்டர் மாறும் அந்தக் கணத்தில் ஃபேன் நிற்காது, கம்ப்யூட்டர் மட்டும் விழும். ஆகவே அவர் நினைத்ததில் தப்பில்லை. பவர் சப்ளை போயிருக்கும் என்று ஒருவர் சொல்ல, ரேம் பழுது என்று இன்னொருவர் சொல்ல, புது பவர் சப்ளைக்கு விலை விசாரிக்கும் நிலையில்தான் பெட்டி என்னிடம் வந்தது.

உள்ளே இருந்தவை: ரைசன் 5 3600 பிராசஸர், பி450 மதர்போர்டு, 8 ஜிபி ரேம் இரண்டு, ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராஃபிக்ஸ் கார்டு, நடுத்தர விலையில் ஒற்றை ஃபேன் டவர் கூலர். இந்த வேலைகளுக்கு இன்றைக்கும் போதுமான மெஷின். பிராசஸர் ஓவர்கிளாக் செய்யப்பட்டது, அதாவது தயாரிப்பாளர் வைத்த வேகத்துக்கு மேல் ஓடும்படி மாற்றப்பட்டது என்பதை அவர் முதலில் சொல்லவில்லை. மறைத்ததாகவும் தோன்றவில்லை. ஜனவரியில் செய்தது, மூன்று மாதமாக ஒழுங்காக ஓடியது, அதனால் இந்தத் தொந்தரவோடு அதைச் சேர்த்துப் பார்க்கவே இல்லை.

கரண்டா, பிராசஸரா

முதலில் விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறந்து சிஸ்டம் பதிவுகளைப் பார்த்தோம். ஒவ்வொரு ரீஸ்டார்ட்டுக்கும் Kernel-Power 41 என்ற பதிவு இருந்தது. அது ஒன்றும் பெரிதாகச் சொல்லாது. முறையாக ஷட் டவுன் ஆகாமல் மெஷின் நின்றது என்பதைத் தவிர அதில் சங்கதி இல்லை. கரண்டு கட்டானாலும் அதே 41தான் விழும். பல பேர் இதைப் பார்த்துவிட்டுத்தான் பவர் சப்ளையை மாற்றிக் காசை விடுகிறார்கள்.

அதே நேரத்தை ஒட்டி விழுந்திருந்த இன்னொரு பதிவுதான் முக்கியம்.

```
Source: WHEA-Logger   Event ID: 18
A fatal hardware error has occurred.
Reported by component: Processor Core
Error Type: Cache Hierarchy Error
```

இதை எழுத வைத்தது பிராசஸரே. தனக்குள் நடந்த ஒரு கணக்குப் பிழையைக் கண்டுபிடித்து, இனித் திருத்த முடியாது என்று தெரிந்ததும் அது வேலையை நிறுத்திவிடுகிறது. அடுத்த முறை விண்டோஸ் எழும்போது இந்தச் செய்தி பதிவாகிறது. கரண்டு கட்டானால் இப்படி எழுத வாய்ப்பே இல்லை. 41 மட்டும் இருந்தால் கரண்டு, பவர் சப்ளை, இன்வெர்ட்டர் என்று தேடலாம். 41ஓடு 18ம் சேர்ந்திருந்தால் முதலில் பிராசஸரையும், மெஷினின் அடிப்படை அமைப்புகளை வைத்திருக்கும் பயாஸையும் பார்க்க வேண்டும்.

பயாஸுக்குள் போனதும் விஷயம் தெரிந்தது. பெருக்கி 42.50, கோர் வோல்டேஜ் 1.375, லோட் லைன் காலிபரேஷன் என்ற அமைப்பு அதன் உச்சத்தில். "இதெல்லாம் நீங்க வச்சதா தம்பி?" என்று கேட்டபோதுதான் ஜனவரி கதை வந்தது. ஒரு வீடியோவைப் பார்த்து அதில் சொன்ன எண்களை அப்படியே போட்டிருக்கிறார். வீடியோ எடுத்தவர் வைத்திருந்தது இரட்டை ஃபேன் வாட்டர் கூலர், ஏசி அறை.

அவர் மாற்றியது என்ன

பிராசஸரின் வேகம் இரண்டு எண்களின் பெருக்கல். மதர்போர்டிலிருந்து 100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைத் துடிப்பு ஒன்று வருகிறது, அதைப் பிராசஸர் தன் பெருக்கியால் பெருக்கிக்கொள்கிறது. 42.5 என்று பூட்டினால் 4,250 மெகாஹெர்ட்ஸ், அதாவது 4.25 கிகாஹெர்ட்ஸ். ஓவர்கிளாக் என்று வீடுகளில் நடப்பது பெரும்பாலும் இந்தப் பெருக்கியை ஏற்றுவதுதான்.

ஏற்றினால் ஏன் வோல்டேஜும் ஏற்ற வேண்டும்? ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையில், சர்க்யூட்டின் ஒரு முனையில் கிளம்பிய சிக்னல் பல டிரான்சிஸ்டர்களைத் தாண்டி மறுமுனைக்குப் போய் நிலைபெற்றிருக்க வேண்டும். 4 கிகாஹெர்ட்ஸில் அதற்குக் கிடைக்கும் நேரம் 250 பிக்கோ வினாடி. 4.25ல் 235. அந்த 235 பிக்கோ வினாடியில் வெளிச்சமே வெறும் 7 சென்டிமீட்டர்தான் போகும். நேரம் போதாமல் சிக்னல் பிந்திவிட்டால் 1 என்று இருக்க வேண்டிய இடத்தில் 0 பதிவாகும். வோல்டேஜைக் கூட்டினால் டிரான்சிஸ்டர்கள் வேகமாக மாறும், சிக்னல் நேரத்துக்குள் போய்ச் சேரும். வோல்டேஜ் கூட்டுவது வேகத்தைக் கூட்டாது. ஏற்கெனவே கூட்டிய வேகம் பிழையில்லாமல் ஓடுவதற்கான விலை அது.

அந்த விலை எவ்வளவு என்பதை இந்தச் சின்ன சூத்திரம் சொல்லிவிடும்.

```
P ≈ C × V² × f
```

P என்பது செலவாகும் மின்திறன், V வோல்டேஜ், f வேகம், C அந்தச் சிப்புக்கும் வேலைக்கும் உரிய ஒரு நிலை எண். வேகம் ஒரு முறைதான் பெருக்கப்படுகிறது, வோல்டேஜ் இரண்டு முறை.

இதே மெஷினில் அளந்து பார்த்தோம். பயாஸை இயல்பு நிலைக்குக் கொண்டுபோய், சினிபெஞ்ச் ஆர்23 சோதனையில் எல்லாக் கோர்களையும் முழுச்சுமையில் ஓடவிட்டபோது பிராசஸர் தானாக எடுத்துக்கொண்ட வேகம் சுமார் 4.0 கிகாஹெர்ட்ஸ், வோல்டேஜ் 1.24, மொத்த மின்திறன் 80 வாட். தம்பியின் அமைப்பில் வேகம் 4.25, சுமையின் கீழ் வோல்டேஜ் 1.36, மின்திறன் 104 வாட். வேகம் கூடியது 6 சதவீதம். மின்திறன் கூடியது 30 சதவீதம். அந்த வாட் அத்தனையும் வெப்பமாகத்தான் வெளியே வந்தாக வேண்டும், வேறு வழி கிடையாது.

பயாஸில் 1.375 போட்டும் சுமையில் 1.36தான் வந்தது ஏன் என்று கேட்கலாம். மின்னோட்டம் கூடும்போது வழியில் கொஞ்சம் வோல்டேஜ் இறங்கும். அது இயல்பு, வேண்டுமென்றே விட்ட இறக்கமும் கூட. லோட் லைன் காலிபரேஷனை உச்சத்தில் வைத்தால் இந்த இறக்கம் குறையும். ஆனால் சுமை சட்டென்று விலகும் கணத்தில் வோல்டேஜ் நாம் போட்ட எண்ணுக்கு மேலே துள்ளும். அந்தத் துள்ளல் மிகக் குறுகியது. நொடிக்கு ஒரு தடவை படிக்கும் மானிட்டர் மென்பொருளில் அது தெரியவே தெரியாது, ஆஸிலோஸ்கோப் வைத்தால்தான் தெரியும். வீடியோக்களில் "எல்எல்சியை மேக்ஸ்ல வச்சிருங்க" என்று சொல்லுபவர்கள் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை.

1.45 வோல்ட் குழப்பம்

தம்பி ஒன்றும் யோசிக்காமல் 1.375 போடவில்லை. அவருக்கு ஒரு நியாயம் இருந்தது. "ஆட்டோல விட்டப்பவே 1.45 வரைக்கும் காட்டுச்சுண்ணே. நான் அதவிடக் கம்மியாத்தானே வச்சிருக்கேன்?"

நல்ல கேள்வி. ஓவர்கிளாக்கில் கால் வைக்கும் பாதிப் பேர் வழுக்கி விழும் இடமும் இதுதான். HWiNFO64 என்ற மானிட்டர் மென்பொருளில் SVI2 TFN என்று முடியும் கோர் வோல்டேஜ் வரியைப் பார்த்தால், ரைசன் 3000 வரிசை பிராசஸர் சும்மா இருக்கும்போதும் ஒரு பிரவுசர் டேப் திறக்கும்போதும் 1.4க்கு மேல் தாவுவது சகஜம். 1.5 வரை போவதும் இயல்பு என்று ஏஎம்டியே சொல்லியிருக்கிறது. அப்படியென்றால் 1.375 எப்படி ஆபத்தாகும்?

வோல்டேஜுக்குத் தனியாக ஒரு பாதுகாப்பு எல்லை கிடையாது. அந்த நேரத்தில் எவ்வளவு மின்னோட்டம் ஓடுகிறது, சிப் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதோடு சேர்த்துத்தான் அந்த எல்லை. 1.45 காட்டும் கணத்தில் வேலை செய்வது ஒரு கோர், அதுவும் ஒரு நொடியின் சிறு பங்கு நேரத்துக்கு; சிப் குளிர்ச்சியாக இருக்கிறது, ஓடுவது சில ஆம்பியர்தான். எக்ஸ்போர்ட் ஓடும்போது ஆறு கோர்களும் ஒரே நேரத்தில் இழுக்கின்றன. 104 வாட்டில் கோர்களுக்குப் போவது சுமார் 92 வாட், அதை 1.36ஆல் வகுத்தால் 68 ஆம்பியர் வருகிறது. ஆளில்லாத காலை டவுன் பஸ் பைபாஸில் 80ல் போவதும், படிக்கட்டு வரை ஆள் தொங்கும் பஸ் அதே 80ல் போவதும் ஸ்பீடாமீட்டரில் ஒன்றுதான், அச்சுக்கு ஒன்றில்லை.

இந்தக் கணக்கை ஒரு நொடியில் சுமார் ஆயிரம் முறை போட்டுப் பார்த்துக்கொள்ளும் அமைப்பு பிராசஸருக்குள்ளேயே இருக்கிறது. பூஸ்ட் என்று நாம் சொல்வது அதைத்தான். ரைசன் 5 3600க்கு அது பார்க்கும் வரம்புகள் நான்கு: பிராசஸருக்குப் போகும் மொத்த மின்திறன் 88 வாட், தொடர்ந்து ஓடக்கூடிய மின்னோட்டம் 60 ஆம்பியர், கண நேர உச்சம் 90 ஆம்பியர், வெப்பம் 95 டிகிரி. பெட்டியில் 65 வாட் என்று அச்சடித்திருப்பது கூலரைத் தேர்ந்தெடுப்பதற்கான எண். இந்த நான்கில் எது முதலில் தட்டுகிறதோ அங்கே வேகத்தை 25 மெகாஹெர்ட்ஸ் படியாகக் குறைத்துக்கொள்ளும். இயல்பு நிலையில் நாங்கள் கண்ட 80 வாட், 1.24 வோல்ட் கணக்கில் கோர்களுக்குப் போனது சுமார் 55 ஆம்பியர். எல்லாம் வரம்புக்குள்.

பெருக்கியைக் கையால் பூட்டியதும் இந்த அமைப்பு ஒதுங்கிக்கொள்கிறது. மின்திறன் வரம்பு, ஆம்பியர் வரம்பு எதையும் அது கவனிக்காது. நாம் சொன்ன 4.25ஐயும் 1.375ஐயும் எந்தச் சுமையிலும், எந்தச் சூட்டிலும் அப்படியே பிடித்திருக்கும். மிஞ்சுவது சிப்பும் போர்டும் கருகாமல் காக்கும் கடைசி வெப்பக் காவல் மட்டும்தான். தம்பியின் 68 ஆம்பியர், 60 ஆம்பியர் வரம்பைத் தாண்டி ஓடியதை யாரும் தடுக்காததற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு இழப்பும் உண்டு. இயல்பு நிலையில் ஒற்றைக் கோர் வேலைக்கு இது 4.2 வரை தானாகவே போகும். பிரவுசர், ஆபீஸ் வேலை, பல கேம்கள் எல்லாம் பெரும்பாலும் ஒன்றிரண்டு கோரைத்தான் நம்பியிருக்கின்றன. அவற்றுக்கு இந்த ஓவர்கிளாக் கொடுத்தது 4.2க்கும் 4.25க்கும் உள்ள வித்தியாசம்.

ஜனவரியும் மேயும்

சரி, ஜனவரியில் ஏன் விழவில்லை? காற்றில் குளிர்விக்கும் எந்தக் கூலரும் சிப்பை அறை வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோக முடியாது. அறையின் வெப்பத்துக்கு மேல் இத்தனை டிகிரி என்றுதான் அது நிறுத்தும், அந்த ஏற்றம் வாட்டுக்கு ஏற்றபடி கூடும். இந்த டவர் கூலரில் 80 வாட்டுக்கு ஏற்றம் 45 டிகிரி, அதாவது ஒரு வாட்டுக்கு 0.56 டிகிரி. 104 வாட்டுக்கு 58 டிகிரி.

ஜனவரியில் இரவு பத்து மணிக்குச் செல்லூர் மாடியில் 26 டிகிரி இருந்திருக்கும். 26ம் 58ம் 84. சோதனை ஓடியது, பச்சை டிக் விழுந்தது, தம்பி திருப்தியாகத் தூங்கப் போனார். கத்தரி வெயிலில், நாள் முழுக்கக் காய்ந்த கான்கிரீட் தளத்துக்குக் கீழே, பிற்பகல் அறையில் 37. 37ம் 58ம் 95. பிராசஸரின் வெப்ப வரம்பு அதே 95. பெட்டிக்குள் கிராஃபிக்ஸ் கார்டும் வெப்பத்தைக் கக்கினால் உள்காற்று அறைக்காற்றைவிட இன்னும் சூடு, கணக்கு இன்னும் மோசம். இயல்பு நிலையில் அதே பிற்பகலில் 37ம் 45ம் 82தான், பிரச்சினையே இல்லை.

95ஐத் தொட்டதால் மட்டும் விழவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பதிவான சில ரீஸ்டார்ட்டுகளின்போது வெப்பம் 90ஐ ஒட்டித்தான் இருந்திருக்கும். சிப் சூடாகும்போது உள்ளே இருக்கும் கம்பிகளின் மின்தடை கூடுகிறது, டிரான்சிஸ்டர்களின் வேகமும் குறைகிறது. 84 டிகிரியில் 235 பிக்கோ வினாடிக்குள் மூச்சுமுட்டப் போய்ச் சேர்ந்த சிக்னல், 92 டிகிரியில் பிந்திவிடுகிறது. கூடவே கசிவு மின்னோட்டமும் சூட்டோடு கூடும், அது இன்னும் கொஞ்சம் வாட்டைச் சேர்க்கும், அது இன்னும் கொஞ்சம் சூட்டைச் சேர்க்கும். ஜனவரியில் வைத்த அமைப்பில் கைவசம் இருந்த இடைவெளி மிகச் சிறியது. கோடை அதைத் தின்றுவிட்டது.

இதை ஊகமாக விடாமல் ஒரு சோதனை செய்தோம். தம்பியின் அமைப்பைத் திரும்பவும் போட்டு, அவர் வீட்டு மாடியிலேயே, பிற்பகல் மூன்று மணிக்கு அதே எக்ஸ்போர்ட்டை ஓட்டினால் கால் மணி நேரத்துக்குள் விழுந்தது, 18 பதிவானது. மறுநாள் விடியற்காலையில், அறை 29 டிகிரியாக இருந்தபோது அதே எக்ஸ்போர்ட் முழுதாக முடிந்தது. இந்தச் சோதனைக்கு இன்னொரு பயனும் உண்டு. அதிக வோல்டேஜில் மாதக்கணக்கில் ஓடிய சிப் தேய்ந்து போயிருக்கலாம். வெகுவாகத் தேய்ந்திருந்தால் குளிர்ந்த நேரத்திலும் அதே அமைப்பு விழுந்திருக்கும். விழவில்லை என்பதால் இப்போதைக்கு முக்கியக் குற்றவாளி வெப்பம்தான் என்று கொள்ளலாம்.

கேம் ஆடும்போது ஏன் விழவில்லை என்றும் தம்பி கேட்டார். கேமில் ஆறு கோர்களும் முழுச்சுமைக்குப் போவதில்லை. அப்போது மின்திறன் 104 அருகில்கூட வரவில்லை. வீடியோ எக்ஸ்போர்ட்டோ கனமான கணக்குகளை எல்லாக் கோர்களிலும் இடைவிடாமல் ஓட்டும் வேலை. பிராசஸரின் உண்மையான சோதனை அங்கேதான்.

விழாத பிழைகள்

ரீஸ்டார்ட் ஆனதைத்தான் இவர் பெரிய தொந்தரவாகச் சொன்னார். எனக்கு அதைவிட உறுத்தியது வேறு. மார்ச் மாதம் கொடுத்த ஒரு கல்யாண ஹைலைட்டில், மணமேடைக் காட்சியில் இரண்டு இடத்தில் பச்சைக் கட்டங்கள் கணநேரம் வந்து போயிருக்கின்றன. மாமா கேமராவின் மெமரி கார்டைச் சந்தேகப்பட்டுப் புதுக் கார்டு வாங்கிவிட்டார். அந்தக் கார்டிலிருந்த மூலக் காட்சியை ஓட்டிப் பார்த்தோம், சுத்தமாக இருந்தது. இயல்பு அமைப்பில் திரும்ப எக்ஸ்போர்ட் செய்தோம், பச்சைக் கட்டம் இல்லை.

பிராசஸர் எல்லாப் பிழையையும் கண்டுபிடிக்காது. கேஷ் நினைவகத்தில் பிழைகளைப் பிடிக்கும் காவல் இருக்கிறது. கூட்டல் பெருக்கல் செய்யும் பகுதியில் வந்த தப்பான விடை, சரியான விடை போலவே கோப்பில் போய் உட்கார்ந்துகொள்ளலாம். வீடியோவில் என்றால் பச்சைக் கட்டமாகக் கண்ணில் படும். ஜிப் கோப்பில் என்றால் பல மாதம் கழித்துத் திறக்கும்போது கோப்பு பழுது என்று வரும். வீட்டுப் படங்களையும் கணக்குகளையும் வைத்திருக்கும் மெஷினில் விளிம்பில் ஓடும் ஓவர்கிளாக் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான், சிப் கருகும் பயமல்ல.

சிப் கருகுவது இப்போது அரிது. தேய்வது மெதுவாக நடக்கும். மின்னோட்டமும் சூடும் சேர்ந்து உள்ளே இருக்கும் உலோகக் கம்பிகளின் அணுக்களை நகர்த்துகின்றன, டிரான்சிஸ்டர்களின் தன்மையும் நாளாக ஆக மாறுகிறது, முன்பு 1.30ல் நின்ற வேகத்துக்குப் பின்னாளில் 1.35 தேவைப்படும். தொழிற்சாலை அமைப்பிலேயே இது நடந்ததற்கு அண்மைய உதாரணம் உண்டு. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களில் சில, தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டுக் கேட்டு நிலைகுலைந்தன. 2024 ஆகஸ்டில் வந்த 0x129 மைக்ரோகோட், 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்பதைத் தடுத்தது. உத்தரவாதத்தை 2 ஆண்டு நீட்டினார்கள். ஏற்கெனவே தேய்ந்த சிப்பை அந்தத் திருத்தம் மீட்கவில்லை.

கிடைத்தது என்ன

இவ்வளவு பாடும் எதற்கு என்று பார்ப்போம். 4K ஹைலைட் ஒன்றின் எக்ஸ்போர்ட் இயல்பு நிலையில் 24 நிமிடம், ஓவர்கிளாக்கில் 22 நிமிடத்துக்குச் சற்று மேல். மிச்சம் ஒன்றரை நிமிடம். பதினெட்டாவது நிமிடத்தில் ஒரு முறை விழுந்தால் பன்னிரண்டு எக்ஸ்போர்ட்டில் சேமித்தது போய்விடும்.

கேமில் மிச்சம் பூஜ்யம். 1080பியில் கிராஃபிக்ஸ் கார்டு 97, 98 சதவீதத்தில் முழுமூச்சாக ஓடிக்கொண்டிருந்தது, பிராசஸர் 45ல் இருந்தது. காத்திருப்பது பிராசஸர், அதை இன்னும் வேகப்படுத்தினால் இன்னும் கொஞ்சம் சீக்கிரமாக வந்து காத்திருக்கும். டாஸ்க் மேனேஜரில் இந்த இரண்டு எண்களையும் ஒரு தடவை பார்த்திருந்தாலே போதும், பயாஸ் பக்கம் போயிருக்க வேண்டாம்.

ஒரு காலத்தில் கதை வேறாக இருந்தது. 1998ல் வந்த இன்டெல் செலரான் 300ஏ பிராசஸரை, 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸை 100க்கு மாற்றி 450ல் ஓட்டினார்கள். 50 சதவீதம் இலவசம். 2011ல் வந்த ஐ5 2500கே, 3.3ல் தொடங்கி 4.5 வரை போனதும் பலர் கண்டது. அன்றைக்கு எல்லாச் சிப்பும் பாதுகாப்பாக ஓடட்டும் என்று தயாரிப்பாளர்கள் வேகத்தைத் தாழ்த்தி அச்சடித்தார்கள், நடுவில் நிறைய இடம் கிடந்தது. இன்றைய பூஸ்ட் அந்த இடத்தைத் தானே எடுத்துக்கொண்டுவிட்டது. நமக்கு மிஞ்சியிருப்பது விளிம்புதான். ஓவர்கிளாக் பற்றிய பழைய பெருமைப் பேச்சுகள் பொய்யல்ல, காலாவதியானவை.

அதோடு, நிறைய வீட்டு மெஷின்களில் இதைச் செய்யவே முடியாது. இன்டெலில் பெயரின் கடைசியில் கே என்று வரும் வகைகளுக்குத்தான் பெருக்கி திறந்திருக்கும், அதுவும் இசட் வரிசை மதர்போர்டில்தான். ஏஎம்டியில் ஏ320, ஏ520 போர்டுகள் அனுமதிக்காது. அனுமதிக்கும் மெஷினிலும், ஓவர்கிளாக்கால் வந்த சேதத்துக்கு வழக்கமான உத்தரவாதம் பொருந்தாது.

கடைசியில் வைத்த அமைப்பு

பயாஸை இயல்பு நிலைக்குக் கொண்டுபோனோம். அதில் வேறொரு விஷயம் கண்ணில் பட்டது: 3200 என்று அச்சடித்த ரேம், 2400ல் ஓடிக்கொண்டிருந்தது. ரேமை அதில் அச்சடித்த வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி புரொஃபைலை யாரும் இயக்கவில்லை. 3600 பிராசஸர் அதிகாரபூர்வமாகத் தாங்கும் ரேம் வேகமே 3200தான்; ஆகவே இதில் விளிம்புக்குப் போகும் வேலையே இல்லை. இயக்கிய பிறகு, பிராசஸரை நம்பியிருக்கும் ஒன்றிரண்டு கேம்களில் கூட்டக் காட்சிகளில் வந்த திணறல் கண்ணுக்குத் தெரிந்து குறைந்தது. மாதக்கணக்கில் 4.25ஐக் கட்டிக்கொண்டு அழுதவருக்கு, ஒரே ஒரு கிளிக்கில் இருந்தது நிஜமான வேகம்.

எக்ஸ்போர்ட்டை பிராசஸரிலிருந்து கிராஃபிக்ஸ் கார்டின் வீடியோ என்கோடருக்கு மாற்றினோம். 24 நிமிடம் 9 ஆனது. ஒரே பிட்ரேட்டில் பிராசஸர் செய்யும் தரம் கொஞ்சம் மேல் என்பது உண்மை; பிட்ரேட்டைச் சற்றுக் கூட்டி வைத்தோம், மாமாவுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

பிறகு தம்பி எதிர்பார்க்காத திசையில் ஒன்று. மின்திறன் வரம்பை 88லிருந்து 65 வாட்டாகக் குறைத்தோம். அதே சூத்திரம் இப்போது நமக்குச் சாதகமாக வேலை செய்கிறது: வேகம் கொஞ்சம் இறங்கினால் தேவையான வோல்டேஜும் இறங்கும், வாட் அதைவிட வேகமாக இறங்கும். சினிபெஞ்ச்சில் இழந்தது ஐந்து சதவீதத்தை ஒட்டி. 37 டிகிரி அறையில் சிப் 74ல் நின்றது, ஃபேன் சத்தம் பாதியாகக் குறைந்தது. "ஏண்டா, மெஷின் ஓடுதா இல்லியா?" என்று அவர் அம்மா எட்டிப் பார்த்துக் கேட்டார்.

ஓவர்கிளாக் ஆசை அவருக்கு முழுசாகப் போகவில்லை, போக வேண்டியதும் இல்லை. பொழுதுபோக்காகச் செய்பவர் செய்யலாம். செய்தால் இப்படி என்று சொன்னேன். அடுத்தவர் எண்களை எடுக்காமல், முதலில் இயல்பு நிலையில் முழுச்சுமையில் உங்கள் சிப் தானாக எடுக்கும் வோல்டேஜைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வோல்டேஜைத் தாண்டாமல் பெருக்கியை 0.25 படியாக ஏற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் நிஜ எக்ஸ்போர்ட் ஒன்றைப் பிற்பகல் மூன்று மணிக்கு ஓட்டுங்கள், இரவில் அல்ல. முடிந்ததும் ஈவென்ட் வியூவரில் WHEA-Logger பதிவு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். மெஷின் விழாவிட்டாலும் திருத்தப்பட்ட பிழை என்று ஒன்று இருந்தால் அந்தப் படி உங்களுக்கில்லை, இரண்டு படி கீழே வாருங்கள். திரையே வராமல் போனால் பயப்பட வேண்டாம், கரண்டை நிறுத்திவிட்டு மதர்போர்டின் சீமாஸ் ஜம்பரைச் சில நொடி இணைத்தால் பயாஸ் பழைய நிலைக்கு வந்துவிடும். கல்யாண வீடியோ வேலை கையில் இருக்கும் மாதத்தில் மட்டும் தொடவேண்டாம்.

ஆடி முடியும்வரை வாரம் ஒரு முறை அந்தப் பதிவுகளைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். இயல்பு அமைப்பிலும் 18 திரும்ப வந்தால் அது வெப்பத்தின் கணக்கில் வராது. அப்போது முதலில் எக்ஸ்எம்பியை நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும், அதற்கும் அடங்காவிட்டால் சிப் தேய்ந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு பழைய மார்க்கெட்டில் இன்னொரு 3600 தேட வேண்டியதுதான்.